விலைப்பட்டியல், மின்னஞ்சல், தொலைபேசி எண் கொண்டு ஒரு நிறுவனத்தை அடையாளம் காணுதல்

ஒரு நிறுவனத்தைப் பற்றி நம் கையில் ஒரு பில்லோ, ஒரு மின்னஞ்சல் முகவரியோ, ஒரு தொலைபேசி எண்ணோ மட்டும் இருக்கும்போது, அந்த நிறுவனம் உண்மையில் யாருடையது, எங்கே பதிவானது, இப்போது இயங்குகிறதா என்பதைப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய அரசுப் பதிவேடுகளிலிருந்து கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் கடலூர் மாவட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் வேறு எங்கிருந்தாலும் முறை ஒன்றே.

கடலூர் முதுநகரில் முன்பெல்லாம் கடைக்காரரைத் தெரிந்துகொள்ள இரண்டு தெரு நடந்தால் போதும். இன்று வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்துகிறேன் என்று ஒருவர் கைபேசியில் அழைக்கிறார். வாட்சப்பில் ஒரு பில் அனுப்புகிறார். முன்பணம் கேட்கிறார். அவருடைய கடையை நாம் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. கையில் இருப்பது அந்தத் தாளில் அச்சாகியுள்ள சில எண்கள் மட்டுமே.

இவற்றில் எது எவ்வளவு சொல்லும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பில் அதிகம் சொல்லும். மின்னஞ்சலின் டொமைன் ஓரளவு சொல்லும். கைபேசி எண் மிகக் குறைவாகவே சொல்லும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கைபேசி எண்ணை ஒரு செயலியில் போட்டு, திரையில் வந்த பெயரைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

பில்லில் உள்ள பதினைந்து எழுத்துகள்

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இவ்வரியில் பதிவு செய்த வணிகர் கொடுக்கும் வரி விலைப்பட்டியலில் அவருடைய பெயர், முகவரி, ஜி.எஸ்.டி எண், தொடர்வரிசை எண், தேதி ஆகியவை இருக்க வேண்டும் என்பது விதி. தொடர்வரிசை எண் பதினாறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. இவற்றில் நமக்கு மிகவும் பயன்படுவது ஜி.எஸ்.டி எண்தான். அது பதினைந்து எழுத்துகள் கொண்டது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு.

நம் மாவட்டத்தின் பெரிய நிறுவனமான நெய்வேலி என்.எல்.சி இந்தியா நிறுவனத்தின் தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி எண்ணை எடுத்துக்கொள்வோம். அது இது:

```
33AAACN1121C1ZG
```

முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கின்றன. 33 என்றால் தமிழ்நாடு. 34 என்றால் புதுச்சேரி. கடலூர்க்காரர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் மாநிலம் மாறிவிடுகிறது. கடை முகவரி கடலூர் என்று அச்சிட்டு, எண் 34 என்று தொடங்கினால் விளக்கம் கேட்க வேண்டும். அதுபோலவே, 33 என்று தொடங்கும் விற்பனையாளர் கடலூரில் உள்ள வீட்டுக்குப் பொருள் கொண்டுவந்து கொடுத்தால் பில்லில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு பாதியாக வரி இருக்கும். ஒருங்கிணைந்த வரி என்று ஒரே வரியாக இருந்தால், பில் போட்டவருக்குக் கணக்கு தெரியவில்லை, அல்லது பில் வேறு எதிலிருந்தோ நகலெடுக்கப்பட்டது.

அடுத்த பத்து எழுத்துகள் வருமான வரித்துறையின் பான் எண். மேலே உள்ளதில் `AAACN1121C`. இதன் நான்காவது எழுத்துதான் எனக்கு எப்போதும் முதலில் கண்ணில் படுவது. `C` என்றால் கம்பெனி. `P` என்றால் தனிநபர். `F` என்றால் கூட்டாண்மை நிறுவனம். `H` என்றால் இந்துக் கூட்டுக்குடும்பம். `T` என்றால் அறக்கட்டளை. ஆகவே பில்லின் தலைப்பில் பெரிய எழுத்தில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்து, பான் எண்ணின் நான்காவது எழுத்து `P` என்றிருந்தால், இரண்டில் ஒன்று பொய். இதைக் கண்டுபிடிக்க இணைய இணைப்புகூடத் தேவையில்லை.

ஐந்தாவது எழுத்து பெயரின் முதலெழுத்து. என்.எல்.சி-க்கு `N`. 2016-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்ற பெயர் என்.எல்.சி இந்தியா என்று மாறியபோதும் முதலெழுத்து மாறவில்லை. தனிநபராக இருந்தால் இது குடும்பப் பெயரின் முதலெழுத்து. நம் ஊரில் குடும்பப் பெயர் வழக்கமில்லாததால் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் எதை எழுதினார்களோ அதுவே வரும். சிலருக்குத் தம் பெயரின் முதலெழுத்து, சிலருக்கு அப்பா பெயரின் முதலெழுத்து. எனவே தமிழ்நாட்டில் தனிநபர் பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்கக்கூடாது.

பதின்மூன்றாவது இடத்தில் இருப்பது, அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. பதினான்காவது பொதுவாக `Z`. கடைசி எழுத்து சரிபார்ப்பு எழுத்து. முன்னுள்ள பதினான்கு எழுத்துகளிலிருந்து கணக்குப் போட்டு அது வருவிக்கப்படுகிறது. வகுப்பறையில் ஒரு பாடவேளைக்குச் சரியாக இருக்கும் கணக்கு என்பதால் இங்கே செய்து காட்டுகிறேன். இலக்கத்துக்கு அதே மதிப்பு. `A`-க்கு 10, `B`-க்கு 11 என்று `Z`-க்கு 35 வரை. இந்த மதிப்புகளை முறையே 1, 2, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பெருக்க வேண்டும்.

```
3  3  A  A  A  C  N  1  1  2  1  C  1  Z
3  3 10 10 10 12 23  1  1  2  1 12  1 35
1  2  1  2  1  2  1  2  1  2  1  2  1  2
3  6 10 20 10 24 23  2  1  4  1 24  1 70
```

கடைசி வரிசையில் 36 அல்லது அதற்கு மேல் வரும் எண்ணை 36-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டி எழுத வேண்டும். இங்கே 70 மட்டும் அப்படி. ஈவு 1, மீதி 34, கூட்டினால் 35. இப்போது வரிசை முழுவதையும் கூட்டினால் 164. அதை 36-ஆல் வகுத்தால் மீதி 20. மீதியை 36-இலிருந்து கழித்தால் 16. பதினாறாவது மதிப்புக்குரிய எழுத்து `G`. எண்ணின் கடைசி எழுத்தும் அதுதான். (மீதி பூச்சியமாக இருந்தால் கடைசி எழுத்தும் பூச்சியம்.)

நடுவில் உள்ள `1121` என்பதை யாராவது தவறுதலாக `1211` என்று அடித்திருந்தால் கூட்டுத்தொகை 163 ஆகி, கடைசி எழுத்து `H` என்று வந்திருக்கும். பிழை வெளிப்பட்டுவிடும். மனம்போன போக்கில் எண் எழுதுபவரும் பெரும்பாலும் இங்கேயே அகப்படுவார். ஆனால் இக்கணக்கு இன்னொருவரின் உண்மையான எண்ணை அப்படியே எடுத்து அச்சிட்டவரைப் பிடிக்காது. அதற்குப் பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

பதிவேட்டில் பார்ப்பது

`www.gst.gov.in` தளத்தில் உள்நுழையாமலேயே `Search Taxpayer` என்ற பகுதியில் `Search by GSTIN/UIN` என்பதைத் தேர்ந்து எண்ணை அடிக்கலாம். திரையில் காட்டும் எழுத்துகளைத் திரும்ப அடித்தால் விவரம் வரும். கட்டணம் இல்லை.

அங்கே வருவனவற்றில் நான்கைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். `Legal Name of Business` என்பது பான் எண்ணில் உள்ள பெயர். `Trade Name` என்பது கடைப் பலகையில் உள்ள பெயர். இவை இரண்டும் வேறாக இருப்பது இயல்பானதே. முருகன் பெயரிலோ அம்மன் பெயரிலோ கடை நடத்துபவரின் சட்டப்பெயர் அவருடைய சொந்தப் பெயராகத்தான் இருக்கும். பில்லில் உள்ள பெயர் இவ்விரண்டில் ஒன்றோடாவது பொருந்த வேண்டும். இரண்டோடும் பொருந்தாவிட்டால் அந்த எண் வேறொருவருடையது.

அடுத்தது `GSTIN / UIN Status`. `Active` என்று இருந்தால் பதிவு நடப்பில் உள்ளது. `Cancelled` என்று இருந்தால் ரத்தானது, அந்தத் தேதிக்குப் பிறகு அந்த எண்ணில் வரி வாங்க உரிமை இல்லை. `Suspended` என்றால் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. மூன்றாவது, பதிவு செய்த தேதி. இருபது ஆண்டு அனுபவம் என்று சொல்பவரின் பதிவு போன மாதத் தேதியில் இருந்தால் கேட்பதில் தவறில்லை, ஆனால் விற்பனை வளர்ந்த பிறகே பதிவு செய்தவர்களும் உண்டு. நான்காவது, அவர் தாக்கல் செய்த கணக்குகளின் அட்டவணை. ஓராண்டாக ஒரு மாதமும் தாக்கல் இல்லை என்றால், நம்மிடம் வாங்கும் வரி அரசுக்குப் போகிறதா என்பதே கேள்வி.

வரி செலுத்துவோர் வகை என்ற இடத்தில் `Composition` என்று இருந்தால் இன்னொரு செய்தி கிடைக்கும். தொகுப்பு முறையில் உள்ள சிறு வணிகர் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக்கூடாது. பில்லில் பதினெட்டு விழுக்காடு வரி என்று தனி வரியில் சேர்த்திருந்தால் அது தவறான வசூல்.

ஜி.எஸ்.டி எண்ணே இல்லாத பில் வந்தால் உடனே ஐயப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கும் வணிகருக்கு ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். சேவைக்கு 20 இலட்சம். முதுநகரின் சிறு கடைகள் பலவும், சிதம்பரம் தெருக்களில் உள்ள தையல் கடைகளும் சைக்கிள் கடைகளும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் எண் இல்லாமல் வரி மட்டும் வாங்கும் பில் எந்த வரம்பிலும் நியாயமாகாது.

கம்பெனி என்றால் இன்னொரு எண்

பில் கொடுத்தவர் கம்பெனி என்றால் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு நமக்கு உதவும். கம்பெனியின் கடிதத் தாள்களிலும் பில் தலைப்புகளிலும் பெயர், பதிவு அலுவலக முகவரி, கம்பெனி அடையாள எண், தொலைபேசி எண் ஆகியவையும், இருந்தால் மின்னஞ்சல், இணையதள முகவரிகளும் அச்சிடப்பட வேண்டும் என்கிறது அப்பிரிவு. அடையாள எண் இருபத்தொரு எழுத்துகள் கொண்டது. என்.எல்.சி-யின் எண் இது:

```
L93090TN1956GOI003507
```

`L` என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. பட்டியலிடப்படாததற்கு `U`. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகை. `TN` தமிழ்நாடு. 1956 தொடங்கிய ஆண்டு. `GOI` என்றால் இந்திய அரசு நிறுவனம். சாதாரண பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு அந்த இடத்தில் `PTC` இருக்கும், பப்ளிக் லிமிடெட்டுக்கு `PLC`. கடைசி ஆறு இலக்கங்கள் பதிவு எண். 1956-இல் தொடங்கிய நிறுவனத்தின் வரலாறு ஒரே வரியில் அடங்கியிருப்பதை மாணவர்களுக்குக் காட்டலாம்.

இந்த எண்ணையோ கம்பெனியின் பெயரையோ `www.mca.gov.in` தளத்தின் `Master Data` பகுதியில் தேடினால் பதிவு செய்த தேதி, பதிவு அலுவலகம், தற்போதைய நிலை ஆகியவை வரும். `Strike Off` என்று இருந்தால் அந்தக் கம்பெனி பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. என்.எல்.சி-யின் சுரங்கங்களும் தலைமைச் செயலகமும் நெய்வேலியில். பதிவு அலுவலகமோ சென்னையில். ஆகவே பில்லில் உள்ள முகவரியும் பதிவேட்டில் உள்ள முகவரியும் வேறாக இருப்பது மட்டும் மோசடிக்கு அடையாளமல்ல. மாறாக, பெயர் வேறாக இருப்பதும், பதிவு ரத்தாகியிருப்பதும், நிறுவன வகை முரண்படுவதும் அடையாளங்கள்.

கூட்டாண்மை நிறுவனமும் தனிநபர் கடையும் இந்தப் பதிவேட்டில் இருக்கமாட்டா. தனிநபர் தொழிலுக்கெனப் பொதுவான மையப் பதிவேடு எதுவுமில்லை. சிறுதொழிலாகப் பதிந்திருந்தால் `UDYAM-TN` என்று தொடங்கும் உத்யம் எண் இருக்கும். அதை `udyamregistration.gov.in` தளத்தில் சரிபார்க்கலாம்.

மின்னஞ்சலின் டொமைன்

மின்னஞ்சல் முகவரியில் `@` குறிக்கு வலப்பக்கம் இருப்பது டொமைன். அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதே இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி. என்.எல்.சி-யின் டொமைன் `nlcindia.in`. கீழே உள்ள முகவரியைப் பாருங்கள்:

```
hr@nlcindia.in.example.com
```

கண் இடப்பக்கத்திலிருந்து படித்து, `nlcindia.in` என்று கண்டதும் நின்றுவிடுகிறது. வலப்பக்கத்திலிருந்து படித்தால் முதலில் `com`, அதற்கு முன் `example`. அந்த டொமைனின் உரிமையாளர் `example.com` வைத்திருப்பவரே. அதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் அவர் சேர்த்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. நெய்வேலியில் வேலை என்று ஒரு கடிதம் வந்து, வைப்புத் தொகை கட்டச் சொன்னால், பிள்ளைகளைவிடப் பெற்றோரே முதலில் ஏமாறுகிறார்கள். கடிதத்தில் உள்ள முத்திரையைப் பார்க்கிறார்கள், முகவரியின் வால்பகுதியைப் பார்ப்பதில்லை.

சில வால்பகுதிகள் எல்லோருக்கும் கிடைக்காதவை. `gov.in` அரசு அமைப்புகளுக்கு மட்டும். `ac.in` கல்வி நிறுவனங்களுக்கு. வங்கிகள் தங்கள் இணைய முகவரியை 2025 அக்டோபர் 31-க்குள் `.bank.in` என்பதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த வாலை வங்கியல்லாத ஒருவர் வாங்க முடியாது. ஆனால் `.in`, `.com` ஆகியவற்றைச் சில நூறு ரூபாய்க்கு யாரும் வாங்கலாம்.

அப்படி வாங்கப்பட்ட டொமைனின் பதிவு விவரத்தை, `.in` என்றால் `registry.in` தளத்திலும், `.com` என்றால் `lookup.icann.org` தளத்திலும் பார்க்கலாம். உரிமையாளரின் பெயர் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். அதனால் மனம் தளர வேண்டாம். மறைக்கப்படாத ஒன்று `Creation Date`, அதாவது டொமைன் பதிவான தேதி. முப்பது ஆண்டுகளாக இயங்குவதாகச் சொல்லும் நிறுவனத்தின் டொமைன் மூன்று வாரத்துக்கு முன் பதிவாகியிருந்தால் அந்தத் தேதியே போதுமான பதில். பழைய தேதியாக இருப்பதை மட்டும் நம்பிக்கைக்குக் காரணமாகக் கொள்ள முடியாது, ஏனெனில் கைவிடப்பட்ட டொமைன்கள் கைமாறுகின்றன.

இன்னொன்று, அனுப்புநர் என்று திரையில் தெரியும் முகவரியே போலியாக இருக்கக்கூடும். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்பைத் தொட்டால் `mailed-by`, `signed-by` என்ற வரிகள் வரும். அங்கே உள்ள டொமைன் முகவரியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவான ஜிமெயில் முகவரியிலிருந்தே தொழில் செய்யும் நேர்மையான சிறு வணிகர்கள் ஏராளம். பண்ருட்டியில் முந்திரி விற்பவர் ஜிமெயில் வைத்திருப்பது இயல்பு. அரசு நிறுவனம் ஜிமெயிலில் பணி ஆணை அனுப்புவது இயல்பன்று.

டொமைனிலிருந்து நிறுவனத்தின் பெயரை எட்ட நேர்வழி ஒன்றும் உண்டு. அந்த டொமைனில் உள்ள இணையதளத்தைத் திறந்து, பக்கத்தின் அடியிலோ, விதிமுறைகள் பக்கத்திலோ ஜி.எஸ்.டி எண்ணோ கம்பெனி அடையாள எண்ணோ இருக்கிறதா என்று தேடி, கிடைத்தால் முன்சொன்ன பதிவேடுகளுக்குப் போகலாம்.

தொலைபேசி எண்

தரைவழி எண் என்றால் இடம் தெரியும். 04142 கடலூர், பண்ருட்டி, நெய்வேலி. 04143 விருத்தாசலம். 04144 சிதம்பரம். 0413 புதுச்சேரி. சிதம்பரத்தில் கடை என்று சொல்லி வேறு ஊர்க் குறியீடு இருந்தால் காரணம் கேட்கலாம்.

கைபேசி எண்ணுக்கு அந்த உதவியும் இல்லை. 2015 முதல் எண்ணை மாற்றாமலேயே மாநிலம் விட்டு மாநிலம் இணைப்பை மாற்றிக்கொள்ள முடிகிறது. ஆகவே முதல் நான்கு இலக்கங்களை வைத்து ஊரையோ நிறுவனத்தையோ உறுதியாகச் சொல்ல முடியாது. கைபேசி எண்ணுக்குரியவர் யார் என்று பொதுமக்கள் பார்க்கும் அதிகாரபூர்வப் பதிவேடும் இல்லை. காவல்துறை சட்டப்படி கேட்டுப் பெறலாம், நாம் கேட்க முடியாது. அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலிகள், மற்றவர்கள் தம் கைபேசியில் எழுதி வைத்த பெயரையும், எண் வைத்திருப்பவர் தானே கொடுத்த பெயரையும் காட்டுகின்றன. ஒரு வங்கியின் பெயரைத் தனக்கு வைத்துக்கொள்ள மோசடிக்காரருக்கு ஐந்து நிமிடம் போதும்.

சில எண் வரிசைகள் மட்டும் பொருள் உள்ளவை. 140 என்று தொடங்குவது விளம்பர அழைப்பு. வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கென 1600 என்று தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. குறுஞ்செய்தியில் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகள் வந்தால் நமக்கு நல்லது, ஏனெனில் அந்தத் தலைப்பெழுத்துகளைப் பதிவு செய்யாமல் பயன்படுத்த முடியாது. முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளையும் கோட்டையும், கடைசியில் கோட்டுடன் ஓரெழுத்து இருந்தால் அதையும் விட்டுவிட்டு, எஞ்சியதை `smsheader.trai.gov.in` தளத்தில் தேடினால் பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் கிடைக்கும்.

கைபேசி எண்ணை யு.பி.ஐ செயலியில் அடித்தால், பணம் அனுப்பும் முன்பே அந்த வங்கிக் கணக்குக்குரியவரின் பெயர் தெரியும். இங்கே வரும் பெயர் வங்கியில் உள்ள பெயர் என்பதால் மேற்சொன்ன செயலிகளைவிட இது மேல். பெயரைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். சோதனைக்காக ஒரு ரூபாய் அனுப்பத் தேவையில்லை.

ஒரு பில்லை முழுதாகப் பார்த்தல்

தொடக்கத்தில் சொன்ன சூரிய மின்தகடு அழைப்புக்குத் திரும்புவோம். இது விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டு. வந்த பில்லின் தலைப்பில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயர். முகவரி சென்னை. ஜி.எஸ்.டி எண் 33 என்று தொடங்குகிறது. மொத்தத் தொகையில் 40,000 ரூபாய் முன்பணமாகக் கேட்கப்பட்டுள்ளது. கம்பெனி அடையாள எண் இல்லை. மின்னஞ்சல் ஜிமெயில்.

முதலில் பான் பகுதியின் நான்காவது எழுத்து. அது `P`. கம்பெனிக்கு இது வரக்கூடாது. இங்கேயே நிறுத்திவிடலாம் என்றாலும், அச்சுப்பிழையாக இருக்கக்கூடும் என்று மேலே போவோம். சரிபார்ப்பு எழுத்தின் கணக்கு சரியாக வருகிறது. அப்படியானால் எண் உண்மையானது, எழுத்துப்பிழை அல்ல. பதிவேட்டில் தேடினால் சட்டப்பெயர் ஒரு தனிநபருடையது, வணிகப்பெயர் வேறு மாவட்டத்தில் ஒரு துணிக்கடை, நிலை `Cancelled`. யாரோ ஒரு துணிக்கடைக்காரரின் பழைய பில்லிலிருந்து எண் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை, அவரைப் போய்த் திட்டிப் பயனில்லை. கம்பெனிப் பெயரைக் கம்பெனிப் பதிவேட்டில் தேடினால் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. பணம் அனுப்பச் சொன்ன எண்ணை யு.பி.ஐ-யில் அடித்தால் மூன்றாவதாக ஒரு பெயர் வருகிறது. ஒரு பில்லில் மூன்று பேர். பணம் கொடுக்கக்கூடாது.

இத்திட்டத்துக்கு மட்டும் இன்னொரு வழியும் உண்டு. மத்திய அரசின் கூரை சூரிய மின் திட்டத்தில் பதிவு செய்த விற்பனையாளர்களின் பட்டியல் `pmsuryaghar.gov.in` தளத்தில் இருக்கிறது. அரசு மானியம் நுகர்வோரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆகவே மானியம் பெற்றுத் தருகிறேன் என்று அதற்காகப் பணம் கேட்பவரின் பெயரைத் தேட வேண்டிய அவசியம்கூட இல்லை.

இப்போது கடினமான நிலையைப் பார்க்க வேண்டும். அதே பில்லில் எல்லாம் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காவது எழுத்து `C`. பெயர் பொருந்துகிறது. பதிவு நடப்பில் உள்ளது. கணக்குகள் மாதந்தோறும் தாக்கலாகியுள்ளன. இதிலிருந்து தெரிவது, அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பது மட்டுமே. பில் அனுப்பியவர் அந்தக் கம்பெனியைச் சேர்ந்தவர் என்பது இன்னும் தெரியவில்லை. பெரிய நிறுவனத்தின் எண்கள் எல்லோரும் பார்க்கக் கிடைப்பவை. நானே மேலே ஒன்றை எழுதியிருக்கிறேன். அதை ஒரு பில்லில் அச்சிட யாராலும் முடியும்.

இந்த இடைவெளியை அடைக்க ஒரே வழி, பில்லில் உள்ள எண்ணுக்கு அல்லாமல், நாமே வேறு இடத்திலிருந்து கண்டெடுத்த எண்ணுக்கு அழைப்பது. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கோ, நாம் முன்பே அறிந்த கிளைக்கோ பேசி, பில்லின் தொடர்வரிசை எண்ணையும் தேதியையும் தொகையையும் சொல்லி, இது உங்களுடையதா என்று கேட்க வேண்டும். அவர்களுடைய கணக்கில் அந்த எண்ணில் ஒரு பில் இருக்கும், அல்லது இருக்காது. வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கில் போடுங்கள் என்று வழக்கமான வியாபாரியிடமிருந்து மின்னஞ்சல் வந்தாலும் இதே முறைதான். முதுநகர் மீன் ஏற்றுமதியாளரோ சிதம்பரம் நெல் வியாபாரியோ பெரிய தொகையை இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில். அங்கே நிறுவனம் உண்மை, பில் உண்மை, கணக்கு எண் மட்டும் பொய்.

பணம் போய்விட்டது என்றால் முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, பிறகு `cybercrime.gov.in` தளத்தில் புகாரைப் பதிய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு என்பதால் முதல் சில மணி நேரம் முக்கியம். பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் `sancharsaathi.gov.in` தளத்தின் சக்ஷு பகுதியில் அந்த எண்ணைத் தெரிவிக்கலாம். போலி பில்லில் இன்னொருவரின் ஜி.எஸ்.டி எண் இருந்தால், பதிவேட்டில் அவருடைய முகவரியும் இருக்கும். ஓர் அஞ்சலட்டை எழுதிப்போட்டால் அவரும் தன் பக்கத்தில் புகார் செய்துகொள்வார். எந்தப் புகாருக்கும் வாட்சப்பில் வந்த பில்லை அழிக்காமல், அழைப்பு வந்த தேதி, நேரம், பணம் கேட்ட யு.பி.ஐ முகவரி ஆகியவற்றோடு எடுத்து வைத்திருக்க வேண்டும்.